முதல் வரி, கோரிக்கை, பின்குறிப்பு: தோட்டப் பள்ளிக் கடிதம் ஒன்றைத் திருத்தி எழுதுதல்

மலாயாவில் 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டம் துண்டானதும் அங்கே பால் வெட்டிய குடும்பங்களுக்கு வேலை போயிற்று. லயத்து வீடும் கூடவே போயிற்று. பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைத் தனி ஆய்வாகவே எழுதினார். இதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் ஆளுக்கொரு பங்கு வாங்கிச் சேர்ந்து தோட்டத்தைத் தாங்களே வாங்கிவிடுவது என்பதுதான் அதன் எண்ணம். ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். மறு ஆண்டே கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

சங்கம் தொழிலாளர்களிடம் வைத்த அந்தக் கோரிக்கையின் அமைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது, அதை எப்படிக் கொடுப்பது, கொடுத்தால் என்ன கிடைக்கும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை இருந்தது. 10 வெள்ளி என்பது தோட்டச் சம்பளத்தில் வலிக்கக்கூடிய தொகை. ஆனாலும் முடியாத தொகை அல்ல. கிடைப்பது நிலத்தில் ஒரு பங்கு. அன்றைக்குத் தபால் தந்தித் துறையையும் பார்த்த அமைச்சராக இருந்த சம்பந்தன், இதைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. தோட்டம் தோட்டமாக நேரில் போனார். எதிரே நிற்பவரின் முகம் தெரிந்தால், புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கலாம், தயங்குபவரிடம் இன்னொரு வார்த்தை பேசலாம், கூட்டம் கலையும்போது கடைசியாக ஒன்றை நினைவூட்டலாம்.

தபாலில் போகும் கடிதத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அந்த மூன்று வேலைகளையும் தாளில் மூன்று இடங்கள் செய்தாக வேண்டும். முதல் வரி வாசகரை நிறுத்த வேண்டும். கோரிக்கை, இவ்வளவு கொடுத்தால் இது நடக்கும் என்று சொல்ல வேண்டும். கையெழுத்துக்குக் கீழே வரும் பின்குறிப்பு, ஏன் இப்போதே என்பதைச் சொல்லி முதல் அடியை எடுக்க வைக்க வேண்டும். நம்மிடையே உலவும் நன்கொடைக் கடிதங்களில் இம்மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மூன்றும் பணிவாக ஆதரவு வேண்டுகின்றன. முதல் பத்தியை நீக்கிவிட்டுப் படித்தாலும் கடிதம் எதையும் இழப்பதில்லை. பின்குறிப்பை நீக்கினாலும் அப்படியே.

நெகிரி செம்பிலானில் இந்த மூன்று வேலையையும் செய்யும் கடிதத்துக்கான தேவை இன்று அதிகம். மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. பகாவ், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரங்களில் பள்ளிப் பெயரோடு தோட்டத்தின் பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. தோட்டம்தான் பழைய தோட்டமாக இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செண்டாயான், நீலாய்ப் பக்கம் நிலமே வீடமைப்புப் பகுதியாயிற்று. லயங்களில் இருந்த குடும்பங்கள் சிரம்பான், செனாவாங், பகாவ்ப் பட்டணத்துத் தாமான்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டன. பள்ளி ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம், பள்ளியை நேசிப்பவர்கள் வேறோர் இடம். இந்த மூன்றாவது கூட்டத்தாரை எட்ட, பெயர் எழுதி வீட்டுக்குப் போகும் கடிதத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள், கைப்பேசியில் வரும் நூறு செய்திகளுக்கு நடுவே ஒன்றைத் தவறவிட்டாலும், உறையில் தங்கள் பெயர் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் எறிவதில்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். பகாவ்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் மேலாளர் வாரியம், பழைய மாணவர் 400 பேருக்குக் கடிதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பள்ளியும் இதில் வரும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கடிதத்தின் வாசகம் இத்தகைய கடிதங்கள் பலவற்றில் காணும் நடையில் எழுதியது. பள்ளியில் 31 பிள்ளைகள். அவர்களில் 14 பேர் பட்டணத்துத் தாமானிலிருந்து வேனில் வருகிறார்கள். வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 90 வெள்ளி. பெற்றோர் 40 வெள்ளி கட்டுகிறார்கள். மீதி 50 வெள்ளிக்குத்தான் இந்தக் கடிதம். 14 பிள்ளைகளுக்கு மாதம் 700 வெள்ளி, பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு 7,000 வெள்ளி.

வாரியத்தின் முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம். மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வருவது யாதெனில், எங்கள் பள்ளி பல ஆண்டுகளாகச் சிறப்பான முறையில் இயங்கி வருகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்."

இது அரசு அலுவலகக் கடிதத்தின் அச்சு. கல்வி இலாகாவுக்கு எழுதி எழுதிப் பழகிய கை இப்படித்தான் எழுதும். அலுவலகத்தில் இருப்பவர் கடிதத்தைப் படித்தே ஆக வேண்டும். அது அவர் வேலை. ஆகவே அந்த அச்சில் முதல் வரிக்கு வாசகரை நிறுத்தும் பொறுப்பே கிடையாது. வேலை முடித்து வந்து, வாசலில் நின்றபடி உறையைப் பிரிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே காட்டிய வாக்கியத்தில் அவர் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அதைவிடத் தீங்கானது ஒன்று உண்டு: பள்ளி சிறப்பாக நடக்கிறதென்றால் தன் உதவி எதற்கு என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது.

இதைத் திருத்த உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாக வழுக்குகிறார்கள். ஒன்று, பழைய நினைவை எழுப்புவது: விடியற்காலைப் பெரட்டு, பால்வாளி, மண்சாலை, ஆயாக்கொட்டகை. எழுதுபவருக்கு இது உருக்கமாக இருக்கும். ஆனால் இந்தத் தோட்டத்துப் பெயரை எடுத்துவிட்டு வேறு தோட்டத்துப் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்திவிடும். தோட்ட வாழ்க்கையை எல்லோரும் இனிமையாக நினைப்பதில்லை என்பதும் உண்மை. அதிலிருந்து தப்பி வந்ததையே தன் வாழ்நாள் சாதனையாக எண்ணுபவருக்கு அந்த வரி கசக்கும். மற்றொன்று, கேள்வி கேட்பது: "நீங்கள் படித்த பள்ளி நினைவிருக்கிறதா?" ஆமாம் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அவர் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். பதில் சொன்னதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

நான் எழுதும் முதல் வரி இது:

"நீங்கள் படித்த பள்ளியில் இன்று 31 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் 14 பேர் தோட்டத்தில் இல்லை. தினமும் காலையில் பகாவ்ப் பட்டணத்துத் தாமானிலிருந்து வேனில் வருகிறார்கள்."

இதில் அடைமொழி ஏதும் கிடையாது. நீங்கள் படித்த பள்ளி என்பதால் கடிதம் யாருக்கு என்பது மூன்றாவது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. 31 என்பது அவருக்குப் புதிய செய்தி. தம் காலத்தில் ஒரு வகுப்பிலேயே அத்தனை பேர் இருந்ததை அவரே ஒப்பிட்டுக்கொள்வார், நாம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துப் பள்ளிக்குப் பட்டணத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பது எதிர்பாராத திசை. ஏன் என்று கேட்க வைக்கும். அந்த ஏனுக்கு விடைதான் அடுத்த பத்தி. முதல் வரி பணம் கேட்கக்கூடாது, நன்றி சொல்லக்கூடாது, பள்ளி வரலாற்றைத் தொடங்கவும் கூடாது. இரண்டாம் வரிக்கு வாசகரைக் கொண்டுசேர்த்தால் அதன் கடமை தீர்ந்தது. எண் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது இன்றைய எண்ணாகவும் இருக்க வேண்டும். போன ஆண்டுக் கடிதத்தை எடுத்து எண்ணை மாற்றாமல் அனுப்பிய வாரியத்தை, பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கோரிக்கை. முதல் வரைவில் அது இப்படி இருக்கிறது: "எனவே தங்களால் இயன்ற நன்கொடையை வழங்கி ஆதரவு நல்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்." இது நாகரிகம் என்று நாம் நம்புகிறோம். பெரியவர்களிடம் தொகை சொல்லிக் கேட்பது முறையாகாது என்பார்கள். ஆனால் இயன்றதைக் கொடுங்கள் என்பது, எவ்வளவு என்று முடிவு செய்யும் சுமையை அவர் தலையில் வைத்துவிடுகிறது. பத்து வெள்ளி கொடுத்தால் கேவலமாக நினைப்பார்களோ, நூறு கொடுத்தால் அதிகமோ, மற்றவர்கள் என்ன கொடுத்தார்களோ என்று அவர் யோசிக்கிறார். யோசித்துக்கொண்டே கடிதத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைக்கிறார். அங்கேயே அது கிடக்கும்.

தொகை சொல்லிக் கேட்பது நம் வழக்கத்தில் இல்லாததும் அல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழைப் பாருங்கள். இன்ன நாள் இன்ன பூசை, உபயம் இன்னார் குடும்பம் என்று வரிசையாக இருக்கும். உபயம் ஏற்பவருக்கு, தான் எதை ஏற்கிறோம், அதற்கு என்ன செலவு, அது எந்த நாளில் நடக்கும் என்பது தெளிவாகத் தெரியும். யாரும் அதை மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. ஒரு முழு வேலையை ஏற்றுக்கொண்டோம் என்ற நிறைவுதான் அவர்களுக்கு. நன்கொடைக் கடிதத்தின் கோரிக்கையும் அப்படி ஒரு முழு வேலையாகப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும்.

திருத்திய கோரிக்கை:

"வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 90 வெள்ளி ஆகிறது. பெற்றோர் 40 வெள்ளி கட்டுகிறார்கள். 50 வெள்ளி குறைகிறது. நீங்கள் 50 வெள்ளி கொடுத்தால் ஒரு பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்கு வரும். 500 வெள்ளி கொடுத்தால் அந்தப் பிள்ளையின் இந்த ஆண்டுப் போக்குவரத்து முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகும்."

பெற்றோர் கட்டும் 40 வெள்ளியை இதில் விடாமல் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் குடும்பம் கையேந்தி நிற்கவில்லை, தன் பங்கைச் செய்கிறது என்பதை அது காட்டுகிறது. தோட்டத்திலிருந்து போராடி வந்தவருக்கு அது முக்கியம். 7,000 வெள்ளி என்ற மொத்தத் தொகை இந்தப் பத்தியில் வராதது வேண்டுமென்றே. அவ்வளவு பெரிய பள்ளத்தில் என் 50 வெள்ளி எந்த மூலைக்கு என்ற சோர்வை அது தரும். மொத்தம் எவ்வளவு என்று கேட்பவருக்கு அந்தத் தொகை வேண்டும். பதில்சீட்டின் பின்புறம் வரவு செலவாக அச்சிடலாம்.

தொகைகளை எத்தனை விதமாகச் சொல்வது? 50, 100, 250, 500, 1,000 என்று அடுக்கினால் எல்லோருக்கும் ஒன்று கிடைக்கும் என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதற்கு எதிராகப் பேசுகிறது. மரியன் பெர்ட்ரண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கடன் நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் 53,000 பேருக்குப் போன கடிதங்களில் வட்டி, படம், வாசகம் எல்லாவற்றையும் குலுக்கல் முறையில் மாற்றிப் பார்த்தார்கள். முடிவுகள் 2010இல் வெளிவந்தன. பல கடன் தொகைகளையும் தவணைகளையும் பட்டியலிட்ட கடிதத்தைவிட, ஒரே ஒரு கடனை எடுத்துக்காட்டாகச் சொன்ன கடிதத்துக்கு அதிகம் பேர் கடன் கேட்டு வந்தார்கள். நன்கொடை வேறு, கடன் வேறு என்பது சரிதான். ஆனாலும் தெரிவு பெருகினால் முடிவு தள்ளிப்போகும் என்பது தபாலில் வந்த தாளைக் கையில் வைத்திருக்கும் இருவருக்கும் பொது. ஆகவே 50, 500 என இரண்டோடு நிறுத்திவிட்டு, பதில்சீட்டில் மூன்றாவதாக ஒரு வெற்றுக்கோடு விட்டால் போதும்.

கோரிக்கையில் இன்னொரு கவனம் வேண்டும். வருமான வரி விலக்குண்டு என்று எழுதினால் பலன் கூடும் என்று யாராவது சொல்வார்கள். மலேசியாவில் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற நிதிக்கு மட்டுமே அந்த விலக்கு. வாரியத்தின் கணக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்டதா என்று உறுதி செய்யாமல் அந்த வரியைச் சேர்க்கவே கூடாது. பின்னால் வரி அலுவலகத்தில் ரசீதை நீட்டித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், அடுத்த ஆண்டு அந்த உறையைத் திறக்க மாட்டார்.

இனிப் பின்குறிப்பு. கடிதத்தை மேலிருந்து கீழாக வரிசையாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் பல கடிதங்களைக் கெடுக்கிறது. ஜெர்மானியப் பேராசிரியர் சீக்ஃபிரீட் ஃபோகெலெ, படிப்பவரின் கண்ணசைவைக் கேமராவால் பதிவு செய்து நேரடிக் கடிதங்களை ஆராய்ந்தவர். அவர் கண்டது இது: பிரித்த கையோடு கண் முதலில் அனுப்புநரையும் தன் பெயரையும் பார்க்கிறது, பிறகு கீழே இறங்கிக் கையெழுத்தைத் தேடுகிறது, அங்கிருந்து பின்குறிப்புக்குப் போகிறது. உடற்பகுதியை வரிவரியாகப் படிப்பது அதற்குப் பிறகு, அதுவும் தொடர்ந்து படிக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் மட்டும். தாளில் கடைசியாக வருவதைப் பலர் முதலாவதாகவே படித்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று கையெழுத்தைப் பற்றியது. வாரியத் தலைவர் பட்டங்களோடு கையெழுத்திடுவது நம் வழக்கம். பழைய மாணவரின் கண் அங்கே ஒரு பெயரைத் தேடிப் போகிறது என்றால், அவர் அறிந்த பெயர் இருப்பது மேல்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அல்லது தலைவரோடு சேர்ந்து அவரும். இரண்டாவது, பின்குறிப்பு தன் காலில் நிற்க வேண்டும். அதை மட்டும் படித்தவருக்கும் இது எதற்கான கடிதம், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது தெரிய வேண்டும்.

முதல் வரைவின் பின்குறிப்பு: "பி.கு.: தங்களின் நல்லாதரவை என்றென்றும் எதிர்பார்க்கிறோம்." இதை மட்டும் படித்தவருக்கு ஒன்றும் தெரியாது. சிலர் இதைத் திருத்தும்போது கோரிக்கையையே சுருக்கி அங்கே மறுபடி எழுதுவார்கள். அது பரவாயில்லை, ஆனால் வீண். முழுதும் படித்தவர் அதே 50 வெள்ளியை மீண்டும் சந்திக்கிறார். கோரிக்கை சொல்லாமல் விட்ட ஒன்று பின்குறிப்பில் இருக்க வேண்டும். அது காலம். ஏன் இப்போதே?

காலக்கெடுவுக்கு உண்மையான காரணம் வேண்டும். "உடனே அனுப்புங்கள்" என்பது காரணம் ஆகாது. நம் மாதிரிப் பள்ளிக்குப் பழைய மாணவர் ஒருவர் 3,500 வெள்ளி தர ஒப்புக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் கொடுப்பதற்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடாக என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய ஈட்டுக்கொடை பலன் தருமா என்பதை டீன் கார்லனும் ஜான் லிஸ்டும் அமெரிக்காவில் சோதித்தார்கள். ஓர் அமைப்புக்கு முன்பே நன்கொடை தந்திருந்த 50,083 பேருக்குக் கடிதம் போனது. ஒரு பகுதியினருக்கு ஈட்டுக்கொடை பற்றிய பேச்சே இல்லை. மற்றவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று மூன்று விதம். 2007இல் வெளியான முடிவின்படி, ஈட்டுக்கொடை இல்லாத கடிதத்துக்கு நூற்றில் 1.8 பேர் கொடுத்தார்கள். இருந்த கடிதத்துக்கு 2.2 பேர். ஒரு கடிதத்துக்கு வந்த சராசரிப் பணம் 19 விழுக்காடு கூடியது. விகிதத்தை இரண்டாக, மூன்றாக உயர்த்தியதால் மேற்கொண்டு எதுவும் கூடவில்லை. நம் வாரியத்துக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: ஒன்றுக்கு ஒன்று தர ஒருவர் கிடைத்தால் போதும், இன்னும் பெரிய கொடையாளியைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அவர் உண்மையிலேயே அந்த நிபந்தனையோடு தருபவராக இருக்க வேண்டும். எப்படியும் தரப்போகிறவரை நிபந்தனைக்காரராகக் காட்டி எழுதுவது பொய்.

எந்தத் தேதியைக் குறிப்பது? நெருக்கமான கெடு வைத்தால் அவசரம் பிறக்கும் என்பது பொது நம்பிக்கை. மேலே சொன்ன தென்னாப்பிரிக்கச் சோதனையில் கெடுவையும் மாற்றிப் பார்த்தார்கள். நீண்ட கெடு பெற்றவர்களே அதிகம் வந்தார்கள். குறுகிய கெடு ஆட்களை இழக்கச் செய்தது. மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் இதன் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்கிறது. மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்த கடிதம் 5ஆம் தேதியைக் கெடுவாகச் சொன்னால், சம்பளம் இன்னும் கைக்கு வராத வீடுகள் அதில் அடிபடும். 20ஆம் தேதி என்றால் சம்பளம் வந்து, வீட்டுத் தவணைகள் போய், மிச்சம் என்ன என்று தெரிந்திருக்கும். தபால் சுணங்கினாலும் தாங்கும்.

திருத்திய பின்குறிப்பு:

"பி.கு.: நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், வேன் செலவுக்காக அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரும் முதல் 3,500 வெள்ளிக்கு ஈடாக அதே தொகையைத் தருகிறார். இணைத்துள்ள சீட்டில் உங்கள் பெயரையும் தொகையையும் மட்டும் எழுதி அனுப்பிவிடுங்கள், அல்லது அதிலுள்ள கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்துங்கள்."

இதை மட்டும் படித்தவருக்கும் விஷயம் தெரிந்துவிடும்; முழுதும் படித்தவருக்கும் புதிதாக ஒன்று கிடைக்கும். சீட்டில் அவரது பெயரும் முகவரியும் முன்பே அச்சாகி, தொகைக்கு நேரே பெட்டி மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. குறியீட்டுக்குப் பக்கத்தில், பணம் சேரும் கணக்கின் பெயர் பள்ளி வாரியத்தின் பெயர்தான் என்பதை எழுத வேண்டும். மோசடி மலிந்த காலத்தில், திரையில் வேறொரு பெயர் தெரிந்தால் கை பின்வாங்கிவிடும்.

மூன்று பகுதியும் அமைந்த பிறகு நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான்: பட்டணத்துப் பிள்ளைகள் ஏன் இந்தப் பள்ளிக்கு வருகிறார்கள், அவர்கள் வராவிட்டால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை என்னவாகும், வேனை யார் ஓட்டுகிறார், பணம் யார் பொறுப்பில் இருக்கிறது. முதல் வரைவின் இரண்டு பக்கம் ஒரு பக்கமாகும். பள்ளியின் வரலாறு இதில் விடுபட்டுப்போவதில் வாரியத்து மூத்தவர்களுக்கு வருத்தம் இருக்கும். அந்த வருத்தம் நியாயமானது. அதைத் தனித்தாளாக உள்ளே வைக்கலாம். கொடுக்க முடிவு செய்தவர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள்.

கடிதம் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? பெரிய நிறுவனங்கள் இரண்டு வடிவத்தை அனுப்பி ஒப்பிடுகின்றன. நம் 400 கடிதத்தில் அது இயலாது. 200 பேருக்குப் பழையது, 200 பேருக்குப் புதியது என்று அனுப்பி, ஒன்றுக்கு 10 பேரும் மற்றொன்றுக்கு 14 பேரும் பதில் தந்தால், அந்த நான்கு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. 1.8க்கும் 2.2க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிச் சொல்லக் கார்லனுக்கும் லிஸ்டுக்கும் ஐம்பதாயிரம் கடிதம் தேவைப்பட்டது. சிறிய வாரியம் செய்யக்கூடியது வேறு. பள்ளியோடு தொடர்பில்லாத, அந்த வயதுடைய ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து இருபது எண்ணும்வரை பார்க்கவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டு கேட்க வேண்டும்: யார் எழுதியது, எதற்கு, எவ்வளவு, எப்போதுக்குள்? முதல் வரைவைப் பார்த்தவர் "ஏதோ பள்ளி, நன்கொடை கேக்குறாங்க" என்பார். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை. திருத்தியதைப் பார்த்தவர் வேன் என்று சொல்ல வேண்டும், 20ஆம் தேதி என்று சொல்ல வேண்டும். வேன் விடுபட்டால் முதல் வரி தோற்றது. 50 விடுபட்டால் கோரிக்கை தோற்றது. தேதி விடுபட்டால் பின்குறிப்பு. எந்தப் பகுதியைத் திருத்துவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நாலைந்து பேரிடம் கேட்டாலே போதும்.

எழுத்து எவ்வளவு தேர்ந்தாலும் முகவரிப் பட்டியல் கெட்டிருந்தால் பயனில்லை. நேரடித் தபால் தொழிலில் எட்வர்ட் மேயர் பெயரால் வழங்கும் பழைய கணிப்பு ஒன்று, பலனில் 40 பங்கு பட்டியலாலும் 40 பங்கு கோரிக்கையாலும் 20 பங்கு மட்டுமே எழுத்தாலும் வருகிறது என்கிறது. அது அளந்து கண்ட எண்ணல்ல, அனுபவத்தில் சொன்னது. ஆனாலும் தோட்டப் பள்ளிகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது. பள்ளிப் பதிவேட்டில் இருப்பது லயத்து முகவரி. அந்த லயத்தில் இப்போது வேறு நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கலாம், லயமே இடிந்திருக்கலாம். தோட்டத்துக்கு வரும் தபால், தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் சேர்ந்து, அங்கிருந்து ஆள் மூலம் கைமாறிய காலத்தில் பெயரும் தோட்டமும் இருந்தாலே கடிதம் போய்ச் சேர்ந்தது. இன்று தாமான், சாலை, வீட்டு எண் வேண்டும். அவை பதிவேட்டில் இல்லை. கோயில் திருவிழாவுக்கு வருபவர்களிடமும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும், உறவினர் வழியாகவும் ஒன்றொன்றாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை.

அச்சு, உறை, தபால்தலை எல்லாம் சேர்த்து ஒரு கடிதத்துக்கு 2 வெள்ளி என்று கொண்டால் 400 கடிதத்துக்கு 800 வெள்ளி. நூற்றுக்கு 6 பேர், அதாவது 24 பேர், சராசரி 150 வெள்ளி கொடுத்தால் 3,600 வெள்ளி வரும். ஈட்டுக்கொடையைச் சேர்த்தால் 7,000 வெள்ளி தாண்டிவிடும். நூறு முகவரி தவறாக இருந்தால் 200 வெள்ளி அப்படியே வீண். மிச்சமுள்ள 300 பேரில் அதே விகிதத்தில் 18 பேர்தான் கொடுப்பார்கள், தொகை 2,700 வெள்ளியில் நின்றுவிடும், ஈடாக வரவேண்டியதில் 800 வெள்ளி கைக்கு வராமல் போகும். ஆகவே திரும்பி வரும் உறைகளைத் தூக்கி எறியாமல், அன்றைக்கே பட்டியலில் குறித்து, அந்தப் பெயரைத் தெரிந்தவர் யார் என்று விசாரித்துப் புதிய முகவரியை எழுதிவைக்கும் பொறுப்பை வாரியத்தில் ஒருவரிடம் முதலிலேயே ஒப்படைக்க வேண்டும். பணம் அனுப்பியவர்களுக்கு ரசீது போகும்போது, அவர்கள் ஏற்றுக்கொண்ட மாதம் எது என்று அதில் எழுதி அனுப்ப வேண்டும்.